ஊரே கதை சொன்னால்

நம் அகப்பாடல்களில் ஒரு பெண்ணின் காதல் முதலில் ஓரிருவர் வாய்க்குள் முணுமுணுக்கும் அம்பலாக இருக்கும். பிறகு ஊரெல்லாம் பேசும் அலராகும். ஆனால் அந்த அலரை நாம் கேட்பது பெரும்பாலும் தலைவியின் வாயாலோ தோழியின் வாயாலோதான். ஊர் இப்படிப் பேசுகிறதே என்று அவர்கள் நோவார்கள். ஊர் தானாக முன்வந்து தன் பக்கத்தைச் சொல்லாது. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1930இல் வெளியிட்ட 'எமிலிக்கு ஒரு ரோஜா' சிறுகதையில் அலர் தூற்றும் ஊரே கதை சொல்கிறது. தொடக்கம் முதல் முடிவுவரை 'நான்' என்று யாரும் பேசுவதில்லை. பெயரில்லாத, முகமில்லாத ஒரு 'நாங்கள்'தான் பேசுகிறது.

இந்த வகைக் கதையை ரசிக்கப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கதையின் முடிவைச் சொல்லாமல் அதன் நுட்பத்தை விளக்க முடியாது. படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வருவது நல்லது. ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய கதைதான்.

இடம் மிசிசிப்பி மாநிலத்தில் ஜெபர்சன் என்ற கற்பனைச் சிற்றூர். எமிலி கிரியர்சன் என்ற பழைய பெரிய குடும்பத்துப் பெண்மணி எழுபத்து நான்கு வயதில் இறந்துபோகிறார். ஊரே இறுதிச் சடங்குக்குத் திரள்கிறது. ஆண்கள் மரியாதைக்காகப் போகிறார்கள். பெண்களுக்கோ, பல வருடங்களாக யாரும் நுழையாத அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து 'நாங்கள்' பழைய நாட்களுக்குப் போகிறது. 1894இல் மேயராக இருந்த ஒரு கர்னல் அவருக்கு வரியைத் தள்ளுபடி செய்தது, அடுத்த தலைமுறை அதிகாரிகள் வரி கேட்டுப் போய் அவமானப்பட்டுத் திரும்பியது, அதற்கும் முப்பது வருடம் முன்பு அந்த வீட்டிலிருந்து நாற்றம் அடித்தது, அப்பா செத்தபோது மூன்று நாள் உடலைக் கொடுக்க மறுத்தது, நடைபாதை போட வந்த வடக்கத்திக்கார மேஸ்திரி ஹோமர் பாரனுடன் வண்டியில் சுற்றியது, மருந்துக்கடையில் ஆர்செனிக் வாங்கியது, ஒருநாள் அந்தி நேரத்தில் ஹோமர் சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனது, அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்காதது.

சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். நாற்றம் இரண்டாம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. விஷம் மூன்றாம் பகுதியில். ஹோமர் காணாமல் போவது நான்காம் பகுதியில். நடந்த வரிசையோ வேறு: முதலில் விஷம் வாங்குகிறார், பிறகு ஹோமர் உள்ளே போகிறார், பிறகு நாற்றம். இந்த மூன்றையும் நடந்தபடி அடுக்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஊருக்கு மூன்றும் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கு விஷம் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடைசியாக ஹோமர் நுழைந்தது தெரியும், இன்னொரு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நாற்றம் தெரியும். விஷம் வாங்கியதைக் கேள்விப்பட்டதும், எமிலி தன்னையே முடித்துக்கொள்ளப் போகிறார் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் நல்லதுதான் என்கிறார்கள். நாற்றம் வந்தபோது, வேலைக்காரர் தோட்டத்தில் பாம்போ எலியோ கொன்று போட்டிருப்பார் என்று எண்பது வயது மேயர் காரணம் சொல்லிவிடுகிறார். ஒரு தனி மனிதரின் தலைக்குள் இந்த மூன்று செய்தியும் ஒன்றாக இருந்திருந்தால் அவர் உறக்கம் கெட்டிருக்கும். பல தலைகளில் சிதறிக் கிடப்பதால் யாருக்கும் உறக்கம் கெடவில்லை. ஃபாக்னர் 'நாங்கள்' என்பதைத் தேர்ந்ததன் முதல் ஆதாயம் இது.

இரண்டாவது ஆதாயம் இன்னும் நுணுக்கமானது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது, காதலன் எமிலியைக் கைவிட்டுப் போன கொஞ்ச நாளில் என்று காலத்தைக் குறிக்கிறது அந்தக் குரல். கதையைச் சொல்லும் நேரத்தில் சவ அடக்கம் முடிந்திருக்கிறது, மாடி அறையைத் திறந்தாகிவிட்டது, ஹோமர் எங்கேயும் போகவில்லை என்பது ஊருக்கு வெட்டவெளிச்சம். ஆனாலும் பழைய பொய்யை அப்படியே, அன்று நம்பியபடியே சொல்கிறது. முதல் வாசிப்பில் இது நம்மை ஏமாற்றும் தந்திரமாகத் தெரியும். இரண்டாம் வாசிப்பில் வேறொன்று புரியும்: ஊருக்கு நினைவு என்பது நடந்தது அல்ல, அப்போது பேசிக்கொண்டது. கதையைத் திரும்பப் படிக்கும்போது 'நம்பினோம்', 'சொல்லிக்கொண்டோம்', 'நினைத்தோம்' என்ற பொருளில் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு 'பார்த்தோம்' வரும் இடங்களைத் தேடுங்கள். ஊர் தன் கண்ணால் பார்த்தது மிகக் கொஞ்சம்: ஜன்னலில் அசையாமல் உட்கார்ந்த உருவம், வண்டியில் போகும் ஜோடி, நரைத்துக்கொண்டே போகும் கூந்தல். மிச்சமெல்லாம் ஊர் வாயில் விளைந்தது.

'நாங்கள்' எப்போது காணாமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த வேலைப்பாடு அதுதான். நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவ நள்ளிரவில் நான்கு ஆண்கள் எமிலியின் புல்வெளியில் திருடர்களைப்போல ஊர்கிறார்கள். அந்தக் காட்சியில் 'நாங்கள்' இல்லை. நான்கு பேர், 'அவர்கள்'. வரி கேட்டுப் போய் மூக்குடைந்து வந்ததும் 'அவர்கள்'. எமிலிக்குப் புத்தி சொல்லப் பாதிரியாரை அனுப்பியது ஊர்ப் பெண்கள். அசிங்கமான வேலை வரும்போதெல்லாம் குரல் நைசாக ஒதுங்கி நிற்கிறது. எமிலிக்காக வருத்தப்படும்போதும், அவருக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்று மகிழும்போதும் மறுபடி கூட்டத்துக்குள் வந்து 'நாங்கள்' என்கிறது.

கடைசிப் பகுதியில் இது கண்ணுக்கு நேரே நடக்கிறது. நாற்பது வருடமாக யாரும் பார்க்காத ஓர் அறை மாடியில் இருப்பது தங்களுக்கு முன்பே தெரியும் என்கிறது குரல். இவ்வளவு நேரம் ஒன்றும் தெரியாததுபோலக் கதை சொன்ன கூட்டம் இப்போதுதான் அதை வெளியே விடுகிறது. கதவை உடைத்துத் திறப்பது 'அவர்கள்'. உள்ளே, கட்டிலில் கிடப்பதைப் பார்த்து நெடுநேரம் நிற்பது 'நாங்கள்'. அடுத்த தலையணையிலிருந்து ஒரு நீண்ட நரைமுடியை எடுப்பதோ 'எங்களில் ஒருவர்'. உடைத்த கை வேறு யாருடையதோ, பார்த்த கண் எல்லோருடையது, தொட்ட விரல் யாருடையது என்றே தெரியாது. தமிழில் எழுவாய் மறைந்தே நிற்கும் என்பதால், மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் வினைமுற்றின் வாலைப் பார்க்க வேண்டும். 'திறந்தார்கள்' என்பது 'நின்றோம்' ஆகும் இடத்தை மொழிபெயர்ப்பாளர் தவறவிட்டிருந்தால் கதையின் பாதி போயிற்று.

இந்த ஊரில் யார் சேர்த்தி, யார் சேர்த்தி இல்லை? எமிலி இல்லை என்பது வெளிப்படை. அந்த வீட்டில் எல்லாம் தெரிந்த ஒரே மனிதர் கறுப்பினச் சமையல்காரரும் தோட்டக்காரருமான டோப். அந்தப் பெயரைக்கூட எமிலி ஒருமுறை கூப்பிடும்போதுதான் நாம் கேட்கிறோம். ஊருக்கு அவர் வெறும் கறுப்பர். கறுப்பினப் பெண்கள் ஏப்ரன் கட்டாமல் தெருவில் வரக்கூடாது என்று உத்தரவு போட்டவரும் அதே வரிச்சலுகைக் கர்னல்தான். ஊர் அதைப் போகிற போக்கில், ஒரு அடைமொழிபோலச் சொல்லிவிட்டு நகர்கிறது. எமிலி இறந்ததும் டோப் வந்தவர்களை முன்வாசலில் உள்ளே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியே வெளியேறுகிறார். பிறகு யாரும் அவரைப் பார்ப்பதில்லை. 'நாங்கள்' என்று பேசும் எந்தக் கதையிலும் இப்படி வேலிக்கு வெளியே நிற்பவரைத் தேடுங்கள். பெரும்பாலும் உண்மை அவரிடம் இருக்கும்.

ஊரின் 'நாங்களி'லிருந்து வகுப்பறையின் 'நாங்களு'க்கு வந்தால் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நினைவுக்கு வரும். 1857இல் நூலாக வந்த அந்த நாவல் ஒரு வகுப்பின் 'நாங்கள்' குரலில் தொடங்குகிறது. புதுப் பையன் சார்ல் தன் விநோதத் தொப்பியோடு வருகிறான், பெயரைச் சொல்லத் தடுமாறுகிறான், வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே, எங்களில் யாருக்கும் அவனைப் பற்றி இப்போது எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் மறைந்துவிடுகிறது. தொப்பியை நூல் நூலாக வர்ணித்தவர்களுக்குப் பையனை நினைவில்லை! இது ஆசிரியரின் கவனக்குறைவு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்துக்குக் கேலிக்குரிய பொருள் நினைவிருக்கும், ஆள் நினைவிருக்காது.

சிறுகதையில் தாங்கும் இந்தக் குரல் நாவலில் சீக்கிரம் சலிக்கும். ஒரு மனத்துக்குள்ளும் இறங்க முடியாததுதான் காரணம். நல்ல நாவலாசிரியர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜோஷுவா ஃபெரிஸின் 'தென் வி கேம் டு தி எண்ட்' (2007) சிகாகோவில் ஆட்குறைப்பு நடக்கும் விளம்பர நிறுவனத்து ஊழியர்களின் கூட்டுக் குரல். மேலதிகாரி லின் மேசனுக்குப் புற்றுநோய் என்று அலுவலகம் வம்பளக்கிறது. நாவலின் நடுவில் 'நாங்கள்' நின்றுபோய், அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் லின் தனியாக இருப்பதைப் படர்க்கையில் படிக்கிறோம். வம்பாக இருந்த பெண் அங்கே மனுஷி ஆகிறார். அந்தப் பகுதி அதே அலுவலகத்தில் ஒருவர் எழுதியது என்பது பின்னால்தான் தெரியும்.

ஜூலி ஒட்சுகாவின் 'தி புத்தா இன் தி ஆட்டிக்' (2011) இன்னொரு வழியில் போகிறது. புகைப்படத்தை மட்டும் பார்த்து மணம் முடித்துக் கப்பலில் அமெரிக்கா வந்த ஜப்பானியப் பெண்களின் 'நாங்கள்' அது. எங்களில் சிலர், எங்களில் ஒருத்தி என்று பட்டியல் பட்டியலாகப் பிரிந்து பிரிந்து சேரும். அந்தப் பட்டியல்களை வேகமாகக் கடக்காதீர்கள். ஒவ்வொரு வரியும் ஒரு முழு வாழ்க்கையின் சுருக்கம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களுக்கு அப்புறப்படுத்துகிறது. கடைசி அத்தியாயத்திலும் 'நாங்கள்' என்ற குரல்தான் பேசுகிறது, ஆனால் பேசுவது வேறு ஆட்கள்: அந்த ஊர்களில் மிச்சமிருக்கும் வெள்ளைக்கார அண்டை வீட்டார். முதலில் திகைக்கிறார்கள், விசாரிக்கிறார்கள். பிறகு காலியான வீடுகளில் வேறு ஆட்கள் குடிவருகிறார்கள், பேச்சு குறைகிறது. நாவல் முழுக்கப் பேசிய பெண்களுக்கு அந்தப் பக்கங்களில் ஒரு வரிகூடப் பேச இடமில்லை.