வரிக்கு வரி பொருள்: ஃபாத்திஹாவில் தமிழ் கைகொடுக்கும் இடமும் இடறும் இடமும்

அரக்கோணத்தில் தொழும் ஒருவர், ஐவேளைக் கடமைத் தொழுகையின் 17 ரக்அத்துகளிலும் ஃபாத்திஹா அத்தியாயத்தைச் சந்திக்கிறார். பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்தவர்கள் பலர். இதற்கு மாற்றாக, ஒவ்வொரு அரபு வரிக்கும் கீழே தமிழ்ப் பொருளை எழுதிக் கற்பிக்கும் முறை வந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் பயின்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழாக்கியது இதற்கு வழி திறந்தது. வரிக்கு வரி என்னும் இம்முறை ஃபாத்திஹாவுக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது?

ஐந்தாம் வரிவரை நன்றாகவே பொருந்துகிறது. முதல் நான்கு வரிகளில் இறைவன் படர்க்கையில் பேசப்படுகிறான்: அருளாளன், அகிலங்களைப் பேணி வளர்ப்பவன், தீர்ப்பு நாளின் அதிபதி. ஐந்தாம் வரியில் சட்டென 'நீ' ஆகிறான். வரிகளைத் தனித்தனியே வாசிக்கும்போது இந்தத் திருப்பம் பளிச்சென்று தெரியும்.

அந்த ஐந்தாம் வரியில் தமிழுக்கு இரண்டு வசதிகள் உண்டு. அரபு 'உன்னை' என்பதை வினைக்கு முன்னால் நிறுத்தி, வேறு யாரையும் அல்ல என்று வரையறுக்கிறது. தமிழில் அந்த வேலையைப் பிரிநிலை ஏகாரம் ஒற்றை எழுத்தில் முடிக்கிறது: 'உன்னையே'. அடுத்தது, அரபில் தன்மைப் பன்மை ஒன்றுதான். தமிழிலோ 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவனைச் சேர்க்காத 'நாங்கள்' தவிர இங்கே வேறெதுவும் நிற்காது. தனியே தொழுபவரும் 'நான்' என்று சொல்வதில்லை. ஊரையும் சேர்த்துக்கொண்டே கேட்கிறார்.

ஆறாம் வரியில் முறை இடறத் தொடங்குகிறது. அரபில் 'நேர்வழி' வரியின் கடைசியில் வருகிறது; அது எவர்களுடைய வழி என்ற விளக்கம் அதை ஒட்டியே ஏழாம் வரியாகத் தொடர்கிறது. தமிழில் 'காட்டுவாயாக' என்ற வினைமுற்று ஆறாம் வரியை மூடிவிடுகிறது. ஏழாம் வரி வினையற்ற வாலாகத் தொங்குகிறது. அதைத் தாங்க 'அது' என்ற சொல்லை மூலத்தில் இல்லாமலே சேர்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையும் ஒரு சிக்கல். பிஸ்மில்லாஹ்வை முதல் வசனமாக ஷாஃபிகள் எண்ணுவர். ஹனஃபிகள் எண்ணாமல், கடைசி வசனத்தை இரண்டாகப் பிரித்து ஏழைச் சரிசெய்வர். ஆகவே 'ஆறாவது வரி' என்றால் இருவருக்கும் ஒன்றல்ல.

பெரிய குறை அடைப்புக்குறிதான். கோபத்துக்கு ஆளானோர், வழிதவறியோர் என்று மட்டுமே மூலம் சொல்கிறது. எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. விரிவுரை மரபில் வரும் யூதர், கிறித்தவர் என்ற விளக்கத்தைச் சில பதிப்புகள் அடைப்புக்குறிக்குள் வரியோடு சேர்த்துவிடுகின்றன. மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அடைப்புக்குறி கேட்பதில்லை. உரையாசிரியரின் சொல் வேதத்தின் சொல்லாகப் பதிந்துவிடுகிறது.

முதல் ஐந்து வரிகளுக்கு இம்முறையை வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டையும் ஒரே வாக்கியமாகச் சொல்லிக்கொடுங்கள். விரிவுரையைப் பக்கத்தின் அடியில் வையுங்கள்.