டிக் அடித்துவிட்டால் தீர்ந்துவிட்டதா?

லண்டனில் ஒரு பரோ மன்றத்தின் குழு, கிளை நூலகங்களின் நேரத்தைக் குறைக்கும் திட்டத்தை கூகுள் ஸ்லைட்ஸில் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு வரைபடம் உள்ள ஸ்லைடில் மூன்று கமெண்டுகள் விழுகின்றன. நிதிப் பிரிவு, "இந்தத் தொகை போன ஆண்டுடையது" என்கிறது. நூலகர், "சனிக்கிழமைக் கூட்டம் கணக்கில் வரவில்லையே" என்கிறார். மேலாளர், "இந்த ஸ்லைடு தேவையா?" என்கிறார்.

மின்னஞ்சலில் கோப்பை அனுப்பி, ஆளுக்கொரு பிரதியில் திருத்தம் வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. எந்த வரைபடத்தைப் பற்றிய பேச்சோ அதன்மேலேயே கமெண்ட் ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் பெயருக்கு அதை ஒப்படைக்கவும் முடிகிறது.

சிக்கல் முடிக்கும் இடத்தில்தான். தொகையைத் திருத்திவிட்டு டிக் அடிக்கிறார் தயாரிப்பவர். மேலாளரின் கேள்விக்குப் பதில் எழுதாமலே ஒரு டிக். சனிக்கிழமைத் தரவு கையில் இல்லை, மாலையில் கூட்டம். அதற்கும் ஒரு டிக். ஏற்றது, மறுத்தது, தள்ளிப்போட்டது மூன்றும் ஸ்லைடிலிருந்து ஒரே மாதிரி மறைகின்றன. கமெண்ட் வரலாற்றில் தேடினால் கிடைக்கும்தான்; யார் தேடப்போகிறார்கள்? கோப்பைப் பிரதி எடுக்கும்போது கமெண்டுகளையும் சேர்க்கச் சொல்லாவிட்டால் புதிய பிரதியில் அந்தத் தடமும் இராது.

இதே வேலையைத் தரநிர்ணய உலகம் வேறு விதமாகச் செய்கிறது. 1901இல் தொடங்கிய, லண்டனில் இயங்கும் பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனம் வரைவுகளைப் பொதுக் கருத்துக்கு விடுகிறது. ஐஎஸ்ஓ வரைவுகளுக்கான கருத்து அட்டவணையில் கருத்தின் வகையைக் குறிக்க வேண்டும்: பொதுவானதா, தொழில்நுட்பமா, மொழித் திருத்தமா என்று. இன்னொரு பத்தி மாற்று வாசகத்துக்கு. கடைசிப் பத்தி செயலகத்துக்கு; ஒவ்வொரு கருத்தையும் என்ன செய்தார்கள் என்பது அங்கே பதிவாகும். கூகுள் டாக்ஸில் மாற்று வாசகத்தை முன்மொழியும் வசதி உண்டு, ஸ்லைட்ஸில் அதுவும் இல்லை. அதனால்தான் "தேவையா?" போன்ற அரைகுறைக் கேள்விகள் அங்கே இவ்வளவு மலிவு.

இருபது ஸ்லைடுகளுக்கு அந்த அட்டவணை மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து கடைசிப் பத்தியை மட்டும் கடன் வாங்கலாம்: டிக் அடிக்குமுன் "மாற்றினேன்", "மாற்றவில்லை, காரணம் இது" என்று ஒரு வரி பதில். எழுத்துப்பிழையை, எண்ணைத் தயாரிப்பவரே முடிக்கட்டும். உள்ளடக்கத்தைத் தொடும் கேள்வியை எழுப்பியவர்தான் மூட வேண்டும். அவர் வேலைப்பளுவில் மறந்துபோவார் என்பது நியாயமான மறுப்பு. அப்படியானால் நூலகரின் கமெண்ட் திறந்தே கிடக்கட்டும். நேரக்குறைப்பு சனிக்கிழமைத் தரவு இல்லாமல் முன்வைக்கப்படுகிறது என்பது கூட்டத்தில் முடிவெடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே.