தொடாதே என்பது எவ்வளவு தூரம் சரி?

மெட்டாவில் ஒரு ஆட் செட்டைத் தொடங்கியதும் அதன் நிலை Learning என்று காட்டும். அது மறையும்வரை கை வைக்காதே என்பது இத்தொழிலில் வேதவாக்கு. பெரும்பாலும் சரியான வாக்குதான். ஆனால் காரணம் தெரியாமல் பின்பற்றுபவர்கள், கை வைத்தே தீர வேண்டிய இடத்திலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

விளம்பரம் காட்டும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் ஏலம் நடக்கிறது. அதில் பணத்தோடு, இந்த ஆள் வாங்குவாரா என்ற கணிப்பும் சேர்கிறது. புதிய ஆட் செட்டில் இந்தக் கணிப்பு தடுமாறும். கடைசியாகச் செய்த பெரிய மாற்றத்துக்குப் பின் ஒரு வாரத்தில் சுமார் 50 பலன்கள் கிடைத்தால் அது நிலைப்படும் என்கிறது மெட்டா. இலக்குப் பார்வையாளர், படம், ஏல உத்தி ஆகியவற்றை மாற்றினாலும், புது விளம்பரம் சேர்த்தாலும் எண்ணிக்கை மறுபடி தொடங்கும். பட்ஜெட்டில் சிறு ஏற்றம் பாதிக்காது, பத்து மடங்கு ஏற்றினால் பாதிக்கும்.

இணையத்தில் சேலை விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தினம் 1,800 ரூபாய் செலவு, ஆர்டருக்குச் சராசரி 250. நாளுக்கு ஏழு ஆர்டர், வாரத்துக்கு ஐம்பது. செவ்வாயன்று நான்கே ஆர்டர், ஒன்றுக்கு 450 ரூபாய். உரிமையாளர் பதறி வயது வரம்பைக் குறைக்கிறார். வியாழனன்று படத்தையும் மாற்றுகிறார். சராசரி ஏழு என்றால் ஒருநாள் நான்கும் இன்னொரு நாள் பத்தும் வருவது சகஜம். மேலும், இன்று விளம்பரத்தைப் பார்த்துச் சொடுக்கியவர் மூன்று நாள் கழித்து வாங்கினால் அந்த ஆர்டர் பார்த்த நாளின் கணக்கில்தான் ஏறும். அதனால் நேற்றைய கணக்கு எப்போதும் உண்மையைவிட மோசமாகவே தெரியும். அவர் திருத்தியது விளம்பரத்தை அல்ல, முடியாத கணக்கை.

அதே கடை தினம் 500 ரூபாய்தான் போடுகிறது என்றால் கதை வேறு. வாரத்துக்குப் பதினான்கு ஆர்டர். எத்தனை நாள் பொறுத்தாலும் ஒரு வாரத்தில் ஐம்பது வராது. Learning limited என்றே நிற்கும். இங்கே பொறுமையைப் போதிப்பது வீண். பணத்தை மூன்று ஆட் செட்டுகளாகப் பிரித்திருந்தால் ஒன்றாக்க வேண்டும். வாங்குவதற்குப் பதிலாகக் கூடையில் சேர்ப்பதை இலக்காக்கலாம் என்பார்கள். எண்ணிக்கை கூடும், ஆனால் வேடிக்கை பார்ப்பவர்களும் கூடுவார்கள். எனக்கு முதல் வழியே பிடிக்கிறது.

விலை தவறாக அச்சாகியிருந்தாலோ, லிங்க் திறக்காவிட்டாலோ, பிக்சல் ஒரே ஆர்டரை இருமுறை எண்ணினாலோ உடனே திருத்த வேண்டும். தப்பான தரவில் கற்பதைவிட மறுபடி தொடங்குவது மலிவு. பொறுமைக்கும் எல்லை உண்டு. நாம் காத்திருக்கும் நாளெல்லாம் மெட்டாவுக்கு வருமானம்தானே! பத்து ஆர்டர் வந்திருக்க வேண்டிய 2,500 ரூபாய் செலவாகி, வாங்க அவகாசமும் கொடுத்த பிறகு ஒன்றுகூட வரவில்லை என்றால், அது செவ்வாய்க்கிழமை ஏற்ற இறக்கம் அல்ல. நிறுத்திவிட்டுப் படத்தையும் விலையையும் பார்க்கலாம்.