கோயிலைச் சான்றாக்கும் விடை: தஞ்சைப் பெரிய கோயிலை முன்வைத்து

கோயிற் கட்டடமும் சிற்பமும் அக்கால நம்பிக்கை, செல்வம், புரவலரின் ஆதரவு ஆகியவற்றை எவ்வாறு காட்டுகின்றன என்பது ஐந்து மதிப்பெண் வினாக்களில் அடிக்கடி இடம்பெறும். மாணவர் பலர் தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்கின்றனர். தேர்வு சரியானதே. ஆனால் "விமானம் சுமார் 216 அடி உயரம், நந்தி மிகப் பெரியது, ஆகவே சோழர் செல்வர், சிவபக்தர்" என்று முடிக்கும் விடை வருணனையாகவே நின்றுவிடுகிறது.

அந்த விடையில் ஒரு காலப் பிழையும் உண்டு. இன்று நாம் காணும் பெரிய நந்தியும் முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. முதலாம் இராசராசன் 1010இல் நிறைவு செய்த கோயிலுக்கு இவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஒரு பகுதியைச் சான்றாக எடுக்குமுன் அது எப்போது எழுந்தது என்று கேட்டாக வேண்டும்.

செல்வத்துக்கு உயரத்தைவிடக் கல்லே நல்ல சான்று. தஞ்சை வண்டல் நிலம். அங்கே கருங்கல் கிடையாது. அத்தனை கல்லையும் வெளியிலிருந்து கொண்டுவந்து மேலே ஏற்ற ஆளும் நெல்லும் அதிகாரமும் வேண்டும். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைக் கல் சொல்லாது, கல்வெட்டு சொல்லும். சேரனையும் பாண்டியரையும் வென்று பெற்ற பண்டாரத்திலிருந்து செய்த பொன், வெள்ளிக் கலன்களை அரசன் கோயிலுக்கு அளித்ததாக அங்கேயே பொறித்திருக்கிறது.

ஆதரவு அரசன் ஒருவனுடையது அன்று. அவன் தமக்கை குந்தவை, அரசியர், அதிகாரிகள் ஆகியோரின் கொடைகளும் கல்வெட்டில் உள்ளன. காவலுக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு ஊர்ச் சபைகள் மேல் விழுந்தது. இதையும் 'ஆதரவு' என்று எழுதிவிடும் மாணவர் உண்டு. ஆணையால் வந்த கடமையைக் கொடையோடு சேர்ப்பது சரியன்று.

நம்பிக்கையில்தான் அதிகக் கவனம் வேண்டும். விமானச் சுவரின் மேல் வரிசை மாடங்களில் திரிபுராந்தகர் உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. முப்புரம் எரித்த போர்க்கோலத்துச் சிவனைப் போரில் வென்ற அரசன் விரும்பியிருக்கலாம் என்பது ஏற்கத்தக்க ஊகம். ஆனால் அது கட்டியவரின் விருப்பம். உழவர் வீட்டில் எந்தத் தெய்வத்தை வணங்கினர் என்பதற்கு அச்சிற்பம் சான்றாகாது.

இப்படி எழுதலாம்: "கல் கிடைக்காத தஞ்சையில் எழுந்த கருங்கல் விமானம் சோழ அரசின் வளத்தையும் ஆள்திரட்டும் ஆற்றலையும் காட்டுகிறது. அச்செல்வத்தில் ஒரு பகுதி போரில் கிடைத்தது என்பதைக் கல்வெட்டு உறுதிசெய்கிறது. அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடையளித்தனர். மீண்டும் மீண்டும் வரும் திரிபுராந்தகர் சிற்பம் அரசவையின் சைவப் பற்றைக் காட்டுகிறது. பொதுமக்களின் வழிபாட்டை அதிலிருந்து அறிய இயலாது." கடைசித் தொடரை இடமில்லை என்று விட்டுவிடுவதைவிட, 216 அடியை விட்டுவிடலாம்.