பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரத் தூக்கமா?

பிறந்து மூன்று மாதமே ஆன குழந்தை மாலை ஏழு மணிக்குக் கண்ணயர்ந்தால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் விழிக்கும் என்று ஒருவர் உறுதி கூறினால் நீங்கள் நம்புவீர்களா? பல இரவுகள் தூங்காத ஒரு தாய் நம்பக்கூடும். அந்த நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ‘குழந்தைத் தூக்க ஆலோசகர்’ என்றொரு தொழில் பெருகியிருக்கிறது. ஆலோசகர் தொலைபேசியிலோ நேரிலோ வழி சொல்வார். அல்லது படமும் பாடமுமாகத் தொகுத்து இணையவழியில் விற்பார். இணையத்துக்கு எல்லை இல்லையாதலால் இப்பாடங்கள் உலகின் எந்த மூலையிலும் வாங்கக் கிடைக்கின்றன.

மேற்சொன்ன நாடுகளில் செவிலியராகப் பணிபுரிய அரசுப் பதிவு வேண்டும். ஆனால் தூக்க ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. இத்தொழிலில் அனுபவமும் படிப்பும் மிக்கவர்கள் உண்டு. சில வாரத் தனியார் பயிற்சியோடு வந்தவர்களும் உண்டு. பெயரைக் கொண்டு இருவரையும் பிரித்தறிய முடியாது. அவர்கள் தரும் வாக்குறுதியைக் கொண்டு ஓரளவு பிரித்தறியலாம். ஆகவே இத்துறையில் மிகவும் புகழ்பெற்ற வாக்குறுதி ஒன்றையே எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். ‘பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம்’ என்பதே அது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலுக்கு இதுவே தலைப்பாயிற்று. அதன் பின் எத்தனையோ விளம்பரங்களில் இது வெவ்வேறு உருவில் வந்துகொண்டிருக்கிறது.

முதலில், குழந்தை தூங்கும் விதத்தைக் காண்போம். நம் தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஆழ்ந்த தூக்கமும் மேலோட்டமான தூக்கமும் மாறி மாறி வரும். வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும்; கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசான விழிப்பு வருவது இயல்பு. மேலும், இரவையும் பகலையும் பிரித்தறியும் உடற்கடிகாரம் பிறக்கும்போதே ஓடத் தொடங்கிவிடுவதில்லை. அது முதல் சில மாதங்களில்தான் படிப்படியாக ஒழுங்குக்கு வருகிறது.

1979ஆம் ஆண்டில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், குழந்தைகள் தூங்குவதை இரவு முழுதும் ஒளிப்படக் கருவியால் பதிவு செய்து பார்த்தார். ‘என் குழந்தை விடிய விடியத் தூங்குகிறது’ என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் இடையே விழித்திருந்தன! அவை அழாமல் மீண்டும் தாமாகவே உறங்கிவிட்டதால் பெற்றோருக்குத் தெரியவில்லை. ஆகவே விழிக்காத குழந்தை என்று ஒன்று இல்லை. குரல் கொடுக்கும் குழந்தை, குரல் கொடுக்காத குழந்தை என்ற வேறுபாடே உண்டு. விழிப்பையே ஒழித்துவிடுவதாகக் கூறும் பாடம் முதல் அடியிலேயே சறுக்குகிறது.

அடுத்து ‘இரவு முழுவதும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 1957இல் லண்டனில் இது குறித்து ஆராய்ந்தவர்கள், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பெற்றோரை எழுப்பாத குழந்தையை ‘இரவில் நிலைப்பட்ட குழந்தை’ என்று கொண்டார்கள். அதாவது ஐந்து மணி நேரம். விளம்பரமோ அதை ஏழிலிருந்து ஏழு வரை நீட்டிவிடுகிறது. உண்மை நிலவரம் எப்படி? கனடாவில் தாய்மார்களைக் கேட்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுள் 57 விழுக்காட்டினர் தொடர்ந்து எட்டு மணி நேரம் உறங்கவில்லை. ஒரு வயதிலும் 43 விழுக்காட்டினர் அந்த நிலையை எட்டவில்லை. அப்படி உறங்காத குழந்தைகளின் வளர்ச்சி மற்றவர்களைவிடக் குன்றியிருந்ததாகவும் அந்த ஆய்வு காணவில்லை. ஆறு மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் செய்யாததை மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் செய்யும் என்பவரை என்னவென்று சொல்வது?

மூன்றாவது, பால் கணக்கு. ஆஸ்திரேலியாவில், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளை ஒவ்வொரு முறை பாலூட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, அவை குடித்த பாலைக் கணக்கிட்டார்கள். 2006இல் வெளியான அந்த முடிவின்படி, ஒரு குழந்தை ஒரு நாளில் சராசரியாக ஏறத்தாழ 790 கிராம் பால் குடித்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு இரவில் குடித்தது. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் இரவில் ஒன்று முதல் மூன்று முறை பால் குடித்தன. இப்போது நம் விளம்பரத்தைப் பின்பற்றும் தாயை நினைத்துப் பாருங்கள். இரவுப் பாலை நிறுத்தினால் சுமார் 160 கிராமைப் பகலுக்கு மாற்ற வேண்டும். மார்பகத்தில் ஒரு வேளைக்குத் தேங்கும் பாலின் அளவு தாய்க்குத் தாய் மாறும். நிறையத் தேங்கும் தாய்க்கு இது ஒருவேளை இயலலாம். குறைவாகத் தேங்கும் தாய்க்கோ அடிக்கடி ஊட்டுவதுதான் வழி. அவள் பல மணி நேரம் ஊட்டாமல் இருந்தால், நிறைந்த மார்பகம் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நாளடைவில் பால் வற்றும். குழந்தையின் எடை ஏறுவது மந்தமாகும். எடையைப் பற்றியும் பாலூட்டல் பற்றியும் ஒரு கேள்வியும் கேளாமல் இரவுப் பாலை நிறுத்தச் சொல்லும் ஆலோசகர், குழந்தையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து வைத்தியம் செய்கிறார்.

‘ஆனால் ஆயிரம் தாய்மார்கள் பலன் கண்டதாக எழுதியிருக்கிறார்களே!’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை மெல்போர்ன் நகரில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. ஏழு மாதத்தில் தூக்கத் தொல்லை உள்ளதாகத் தாய்மார் கூறிய முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் தாய்மாருக்குச் செவிலியர் தூக்கப் பயிற்சி முறைகளைக் கற்பித்தனர். மற்றக் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. குழந்தைகள் ஒரு வயதை எட்டியபோது, பயிற்சி பெற்ற குழுவில் 39 விழுக்காட்டினருக்குத் தொல்லை நீடித்தது. பயிற்சி பெறாத குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீடித்தது.

இந்த இரு எண்களையும் நிதானமாகப் படியுங்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமலே நூற்றுக்கு 45 பேருக்குத் தொல்லை நீங்கிவிட்டது. குழந்தை வளர்ந்தது, அவ்வளவுதான். பயிற்சியால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் நூற்றுக்கு 16 பேர். பயிற்சி பெற்றும் பலன் காணாதவர்கள் 39 பேர். விளம்பரத்தில் நன்றிக் கடிதம் எழுதுபவர்கள் முதல் இரு கூட்டத்தார். மூன்றாம் கூட்டத்தாரின் கடிதம் அச்சேறுவதில்லை. ‘பலன் இல்லையேல் பணம் வாபஸ்’ என்ற உறுதியோடு ‘எல்லா விதிகளையும் பிசகாமல் கடைப்பிடித்திருந்தால்’ என்ற நிபந்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முறை தோற்கும்போதெல்லாம் பழி தாயின் மேல் விழும்.

ஆயினும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 16 பேருக்குப் பலன் என்பது சிறிதல்ல. களைத்துப்போன குடும்பத்துக்கு அது பெரிய உதவி. அந்தப் பயிற்சியும் குழந்தையை அறையில் பூட்டிவிட்டுப் போகும் முறையன்று. இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே இடையிடையே சென்று தேற்றும் முறை ஒன்று. அருகில் அமர்ந்திருந்து நாளுக்கு நாள் விலகும் முறை மற்றொன்று. அக்குழந்தைகளை ஆறு வயதில் மீண்டும் பார்த்தபோது, 2012இல் வெளியான முடிவின்படி, பயிற்சியால் தீங்கும் தெரியவில்லை, நீடித்த நன்மையும் தெரியவில்லை. ஆனால் இச்சான்று ஏழெட்டு மாதக் குழந்தைகளுக்கு உரியது. அதை எடுத்துப் பன்னிரண்டு வாரக் குழந்தைக்கு ஒட்டவைப்பது அறிவியலாகாது.

இனிக் கடுமையான அறிவுரைகளைப் பார்ப்போம். வாந்தி எடுத்தாலும் போகாதே, எவ்வளவு அழுதாலும் காலை வரை கதவைத் திறக்காதே என்பவை ஒரு வகை. அழுகையில் பசியும் உண்டு, காய்ச்சலும் உண்டு, காதுவலியும் உண்டு. போய்ப் பார்க்காமல் எது என்று எவரும் அறிய முடியாது. இதைவிட ஆபத்தான வகை, அதிகம் தூங்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்வது. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்கும் என்பது மெய்யே; எளிதில் விழிக்காது என்பதும் மெய்யே. அதுவேதான் அபாயம். மூச்சுக்கு இடையூறு நேர்ந்தால் குழந்தையைக் காப்பது விழிப்புதான். ஒரு காலத்தில் மருத்துவர்களே குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். 1991இல் பிரிட்டனில் மல்லாந்து படுக்கவைக்கும்படி நாடெங்கும் பிரசாரம் செய்தபின், தூக்கத்தில் நேர்ந்த திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. எடை சேர்த்துத் தைத்த போர்வையும் துணிச்சுற்றும் அப்படியே; அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் அறிவித்தது. இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சொல்லும் பாடத்தில் மற்றவை எவ்வளவு நன்றாயிருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

எனவே பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த முறை எத்தனை மாதக் குழந்தைக்கு, எத்தனை மாதத்துக்குக் கீழ் கூடாது? என் குழந்தையின் எடை, பாலூட்டல், நோய் பற்றிக் கேட்டபின்தானே திட்டம் தருவீர்கள்? குழந்தை அழும்போது நான் எப்போது போகலாம், எந்த நிலையில் முறையையே நிறுத்த வேண்டும்? பலன் கிட்டாதவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு ‘ஒருவரும் இல்லை’ என்று விடை வந்தால் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள். ‘சிலருக்குப் பலிப்பதில்லை, உங்கள் குழந்தைக்கு வயது போதாது, இரண்டு மாதம் கழித்து வாருங்கள்’ என்று சொல்பவர் கிடைத்தால் அவரே நம்பத் தக்கவர்.

குறட்டை விடுவதும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், எடை ஏறாதிருப்பதும் ஆலோசகரின் வேலையல்ல, மருத்துவரின் வேலை. தாய்க்கு உறங்க நேரம் கிடைத்தும் உறக்கம் வராமல் மனம் சோர்ந்திருந்தால் அவளுக்கும் மருத்துவர் தேவை. மற்றபடி மூன்று மாதக் குழந்தை இரவில் இருமுறை எழுந்து பால் கேட்கிறதென்றால், அதைத் திருத்தப் பாடம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள வேறொருவர் காலையில் குழந்தையை வாங்கிக்கொண்டு, தாயை இரண்டு மணி நேரம் தூங்க விட்டால் போதும்.