கடைக்கு வந்தவர் 400 பேரா?

கூகுள் விளம்பரக் கணக்கில் Store visits என்றொரு எண் வரும். விளம்பரத்தைப் பார்த்த பிறகோ தொட்ட பிறகோ எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்பதற்கான கணிப்பு அது. எல்லாக் கணக்குக்கும் இது கிடைக்காது. போதிய அளவு விளம்பரத் தொடர்பும் கடை வருகையும் இருந்தால்தான் திறக்கும்.

இந்த எண், வாசலில் நின்று தலை எண்ணிச் சொன்னது அல்ல. தங்கள் இருப்பிடத்தைப் பதிவுசெய்ய அனுமதித்தவர்களின் போன்களை மட்டும் பார்த்து, ஜிபிஎஸ், வைஃபை சமிக்ஞைகளைக் கடையின் எல்லையோடு பொருத்தி, மற்றவர்களையும் சேர்த்து எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது. சென்னை உஸ்மான் சாலை போல ஒட்டி ஒட்டிக் கடைகள் இருக்கும் இடத்தில் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலே வருகை பக்கத்துக் கடையின் கணக்கில் சேர்ந்துவிடும். தனியாக, பார்க்கிங்கோடு நிற்கும் பர்னிச்சர் ஷோரூமில் இந்தச் சிக்கல் குறைவு.

நகைக்கடைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாதாமாதம் நகைச்சீட்டுப் பணம் கட்ட வருபவர், கம்மல் திருகாணியைச் சரிசெய்ய வருபவர் எல்லாம் எப்படியும் வரப்போகிறவர்கள். நடுவில் விளம்பரத்தைத் தொட்டிருந்தால் அவர்களின் வருகையும் விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். அட்சய திருதியை மாதத்தில் இந்த எண் உயர்ந்தால் அதை விளம்பரத்தின் வெற்றியாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

உண்மையான பலனைப் பார்க்க ஒரு நல்ல வழி, ஒரு கிளையில் விளம்பரத்தை நிறுத்திப் பார்ப்பதுதான். உதாரணத்துக்கு, ஒரு நகைக்கடையின் மதுரை, திருச்சிக் கிளைகளில் வாசல் கேமரா மாதம் தலா 2,000 தலைகளை எண்ணுகிறது, திருச்சிக்கு கூகுள் 400 வருகை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பண்டிகை இல்லாத ஒரு மாதம் திருச்சியில் மட்டும் விளம்பரம் நிற்கிறது. மதுரை 2,000-லேயே இருக்க, திருச்சி 1,850-க்கு இறங்குகிறது. விளம்பரம் கொண்டுவந்தது ஏறக்குறைய 150 தலைகள். நகை வாங்குவோர் பெரும்பாலும் குடும்பமாகத்தான் வருவார்கள். மூன்று மூன்று பேராக வந்து, அதில் ஒருவர்தான் விளம்பரத்தைத் தொட்டிருந்தார் என்றால், கூகுளின் எண்ணோடு ஒப்பிட வேண்டியது 50 குடும்பம். 400-க்கும் 50-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்!

அந்த 150-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. விளம்பரம் ஓடும் சாதாரண மாதங்களிலேயே இரு கிளைகளுக்கும் இடையே 100 தலை வித்தியாசம் வந்துபோகிறது என்றால், 150 பெரிய சான்றல்ல. முந்தைய மாதங்களின் ஏற்ற இறக்கத்தை முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். கேமராவும் வாசலுக்கு வெளியே போய்த் திரும்பும் ஊழியரை எண்ணும். அவரைக் கழிக்க வேண்டும்.

ஒரே கடையில் இரு விளம்பரங்களை ஒப்பிட, மாதக் கணக்கில் பார்த்தால் கூகுளின் எண் உதவும். நேற்றைய எண்ணை வைத்து இன்று செலவைக் கூட்டுவதோ, அந்த எண்ணைச் சராசரி பில் தொகையால் பெருக்கி லாபம் போடுவதோ வேண்டாம்.