உரித்ததா, உறைந்ததா, டப்பாவா?

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியில் ஜனவரியில் பச்சைப் பட்டாணி கிலோ 60 ரூபாய்க்குக் கிடைத்தது. ஜூலையில் அதே வண்டியில் 160. விலை ஏறியதும் உறைந்த பட்டாணிக்கு மாறலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வரும். இந்த முறை சமையல் தராசை எடுத்துவைத்துக்கொண்டு, மூன்று வகையையும் வாங்கி நிறுத்துப் பார்த்தேன்.

காயோடு ஒரு கிலோ வாங்கி உரித்தால் மணி 480 கிராம்தான் நின்றது. பாதிக்கு மேல் தோல். அப்படியானால் 100 கிராம் மணியின் அடக்கவிலை ஜனவரியில் பன்னிரண்டரை ரூபாய், ஜூலையில் 33 ரூபாய். உறைந்த பட்டாணி அரைக் கிலோ 120 ரூபாய், அதாவது 100 கிராம் 24 ரூபாய். அதில் தோலும் இல்லை, கழிவும் இல்லை. கணக்கு இப்படி வருகிறது: காய் கிலோ 115 ரூபாயைத் தாண்டினால் உறைந்ததுதான் மலிவு. உரிக்கும் அரைமணி நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் முன்பே மாறிவிடலாம். டப்பாப் பட்டாணி 85 ரூபாய். உப்புநீரை வடித்தால் 230 கிராம். 100 கிராம் 37 ரூபாய் ஆகிறது. மூன்றிலும் விலை கூடியது இதுதான், ருசி குறைந்ததும் இதுதான்.

சத்தில் உறைந்தது மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பறித்த நொடியிலிருந்தே பட்டாணியில் இனிப்பு மாவாக மாறத் தொடங்கும், வைட்டமின் சி இறங்கத் தொடங்கும். ஆலையில் பறித்த சில மணி நேரத்தில் ஓரிரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்து, மணி மணியாக உறையவைக்கிறார்கள். அந்த வெந்நீரில் வைட்டமின் சி கொஞ்சம் போய்விடும். ஆனால் மைனஸ் 18 டிகிரியில் மீதி பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஊட்டியிலிருந்தோ வடக்கேயிருந்தோ லாரியில் வந்து, வண்டியில் வெயில் பட்டு, நம் ஃப்ரிட்ஜில் நாலு நாள் கிடந்த காயைவிட அது மோசமில்லை. அன்று வந்த காயை அன்றே உரித்துச் சமைத்தால் மட்டும் அதற்கு ஈடில்லை.

உறைந்ததை வாங்கும்போது பையைக் குலுக்கிப் பாருங்கள். மணிகள் உதிரியாகக் கலகலக்க வேண்டும். கட்டியாக இருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது; வேண்டாம். வீட்டில் அதை உருகவிடாமல், குருமா இறக்க நாலு நிமிடம் இருக்கும்போது அப்படியே போட்டால் தோல் சுருங்காது. உரித்துப் பையில் கட்டி விற்பதில்தான் கவனம் வேண்டும். காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றி விற்பதுண்டு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டு அரைமணி கழித்துப் பார்த்தால், தண்ணீர் பச்சையானால் தெரிந்துவிடும். டப்பாவிலும் பல காய்ந்த பட்டாணியில் செய்தவையே. லேபிளில் நிறமி எழுதியிருக்கிறதா என்று படியுங்கள்.

பீன்ஸ், கேரட், கீரை இவற்றில் யோசிக்கவே வேண்டாம். பெங்களூரில் ஆண்டு முழுக்கப் புதிதாகக் கிடைக்கின்றன. உறைந்த பீன்ஸ் பொரியலில் நீர் விட்டுக்கொள்கிறது.

கொண்டைக்கடலை டப்பாவை நான் இனி வாங்கப்போவதில்லை. 400 கிராம் டப்பா 120 ரூபாய், வடித்தால் 240 கிராம். அதே அளவு வெந்த கடலைக்கு 110 கிராம் காய்ந்த கடலை போதும், செலவு 12 ரூபாய். புரதத்தில் பெரிய வித்தியாசமில்லை. டப்பாவில் உப்பு அதிகம், கழுவினால் ஓரளவு குறையும். டப்பாவின் ஒரே வசதி ஊறவைக்க வேண்டாம் என்பது. அதை நாமே செய்துகொள்ளலாம்: ஒரு கிலோவை இரவு ஊறவைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டு, நன்றாக வடித்து ஆறவைத்து, தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு பைகளில் போடுங்கள். ஒன்பது டப்பாவுக்குச் சமமாக வரும். பரப்பாமல் பையில் போட்டால் பாறையாகிவிடும்.

மீனில் முடிவு காலத்தைப் பொறுத்தது. மத்தி கிலோ 240 ரூபாய்க்கு வாங்கிக் கழுவினால் 600 கிராம் தேறியது. 100 கிராம் 40 ரூபாய். டப்பா மத்தி வடித்த எடையில் 100 கிராம் 160 ரூபாய்க்கு வருகிறது. நாலு மடங்கு. ஆனால் டப்பா மத்தியில் முள் அதிக வெப்பத்தில் வெந்து மெத்தென்று ஆகிவிடுவதால் முள்ளோடு சாப்பிடுகிறோம். 100 கிராமில் சுமார் 380 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து கிடைப்பது அதனால்தான். ஒமேகா 3 கொழுப்பும் தங்குகிறது. டப்பா சூரையில் முள் கிடையாது, ஒமேகா 3 கொழுப்பும் மத்தி அளவுக்கு இல்லை. அதற்குக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனமில்லை.

கர்நாடகக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடை. அப்போது ஐஸ்பெட்டியில் வரும் மீனின் கண் குழிந்து, செவுள் பழுப்பேறி இருந்தால் நான் திரும்பிவிடுவேன். அந்த மாதங்களுக்கென்று மட்டும் இரண்டு மத்தி டப்பா அலமாரியில் இருக்கும். மூடி உப்பியிருந்தால் திறக்காமலே எறிய வேண்டும். திறந்த டப்பாவில் மிச்சமிருந்தால் எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே புளி கரைத்துக் குழம்பு வைத்துவிடுகிறேன்.